நடுவில் விழுந்த த்ரீ ஆஃப் பென்டகிள்ஸ்: உங்கள் இருவருக்குமான டாரட் வாசிப்பு

கல்யாண வேலையைச் சண்டை இல்லாமல் சேர்ந்து முடிப்போமா என்று கேட்டிருந்தீர்கள். ஐந்து கார்டு விரித்தேன். பெண் பக்கம் எய்ட் ஆஃப் பென்டகிள்ஸ், பையன் பக்கம் நைட் ஆஃப் வாண்ட்ஸ், நடுவில் நேராக விழுந்தது த்ரீ ஆஃப் பென்டகிள்ஸ், தடையாக ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸ், அடுத்த அடியாக டூ ஆஃப் பென்டகிள்ஸ்.

நடுக் கார்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1909-இல் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த படம் இது. மடாலயத்துக்குள் ஒரு சிற்பி பெஞ்சு மேல் ஏறி நின்று வேலை செய்கிறான், கீழே ஒரு துறவியும் முக்காடு போட்ட இன்னொருவரும் நிற்கிறார்கள், அந்த முக்காட்டுக்காரர் கையில் வரைபடம் இருக்கிறது. பணமும் அதிகாரமும் கீழே நிற்பவர்களிடம்தான் இருக்கும், ஆனாலும் இந்த நிமிடத்தில் உயரத்தில் நிற்பது வேலை தெரிந்தவன். எனக்கு இந்தக் கார்டில் பிடித்த விஷயமே அதுதான். ஒற்றுமை என்றால் எல்லா முடிவையும் இருவரும் பாதிப் பாதியாக எடுப்பது என்று இது சொல்லவில்லை. எந்த வேலை யாருக்குக் கை வருமோ அவர் பெஞ்சில் ஏறட்டும், மற்றவர் வரைபடத்தோடு பக்கத்தில் நிற்கட்டும் என்கிறது.

எய்ட் ஆஃப் பென்டகிள்ஸிலும் ஒரு தொழிலாளி உண்டு, ஆனால் தனியாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பான். விருந்தினர் பட்டியல், கணக்கு, மண்டபத்துக்காரரின் நிபந்தனைகள் எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று படுகிறது, அம்மா. நேர்த்தியாகவே செய்வீர்கள், ஆனால் வரைபடம் உங்கள் தலைக்குள்ளேயே இருந்தால் அவர் எதைப் பார்த்து உதவுவார்? தம்பி, உங்களுக்கு ஆளைப் பிடிப்பது, பேசி முடிப்பது, ஓடுவது எல்லாம் சுலபம். நைட் ஆஃப் வாண்ட்ஸ் குதிரை முன்காலைத் தூக்கித்தான் நிற்கும், அதனால் அவரிடம் சொல்லாமல் எங்கேயும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸில் ஐந்து பேர் ஆளுக்கொரு கம்போடு மோதுகிறார்கள். இது நீங்கள் இருவரும் இல்லை, சுற்றி நின்று யோசனை சொல்கிறவர்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, கையில் பொது வரைபடம் இல்லை, அவ்வளவுதான். சரி, அதையும் நடுக் கார்டே தீர்க்கிறது: முதலில் நீங்கள் இருவரும் ஒரே தாளில் எழுதி முடியுங்கள், அப்புறம் வீட்டாரிடம் காட்டுங்கள். புகைப்படம், அலங்காரம் மாதிரி வேலைகளில் ஆளைப் பார்த்துப் பிடித்துவிட்டால், பிறகு அவர் கையைப் பிடித்து வேலை வாங்காதீர்கள்.

டூ ஆஃப் பென்டகிள்ஸ் இரண்டு காசை மாற்றி மாற்றிப் பிடிப்பவன், பின்னால் கடல் கொந்தளிக்கிறது. நேரமும் பணமும் இழுபறியாகத்தான் இருக்கும். வாரத்தில் ஒரு மாலை, போனை ஓரமாக வைத்துவிட்டு, கணக்கை மட்டும் இருவரும் சேர்ந்து பாருங்கள். முதல் மாலையில் மொத்தச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு போட்டுவிடுங்கள், மண்டபத்தை அதற்குப் பிறகு உறுதி செய்யலாம்.