கேமரா கிளவுட் சந்தாவை ரத்து செய்து, இனி பணம் பிடிக்காமல் நிறுத்தக் கோரும் கடிதம்

நாள்: 21.08.2025
அனுப்பும் வழி: மின்னஞ்சல், கணக்கில் பதிவான முகவரியிலிருந்து

அனுப்புநர்:
ரா. ஷீலா
வெட்டூர்ணிமடம், நாகர்கோவில்
கன்னியாகுமரி மாவட்டம் – 629003

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
வீட்டுக் கேமரா கிளவுட் பதிவுச் சேவை
நகல்: குறைதீர்ப்பு அலுவலர்

பொருள்: கணக்கு எண் 70418326 – மாதச் சந்தாவை ரத்து செய்தல், மேற்கொண்டு பணம் பிடிப்பதை நிறுத்துதல், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிடித்த ₹1,196-ஐத் திருப்பித் தருதல் – கணக்குக்கான ஆதாரங்கள் இணைப்பு
முந்தைய புகார் எண்: 5526109

ஐயா / அம்மா,

மேலே குறிப்பிட்ட கணக்கு என் பெயரில் உள்ளது. அருமனையில் இருக்கும் எங்கள் வீட்டில் வைத்த இரண்டு கேமராக்களுக்காக 09.11.2023 அன்று தொடங்கியது. கேமரா ஒன்றுக்கு ₹299 வீதம், ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி என் டெபிட் கார்டிலிருந்து ₹598 ஆட்டோ டெபிட்டில் போகிறது. இந்தச் சந்தா எனக்கு இனி வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த நாளிலேயே அதை முடித்துவிடுங்கள். அடுத்த தேதியான 09.09.2025 அன்று ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது.

ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையையும் முன்வாசலையும் பார்த்துக்கொள்ளத்தான் கேமரா வைத்தோம். அதற்கு அது நன்றாகவே வேலை செய்தது, உங்கள் சேவையின் தரத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. இப்போது அம்மா என்னோடு நாகர்கோவிலுக்கு வந்துவிட்டார். வீடும் தோட்டமும் உறவினர் ஒருவரிடம் பாட்டத்தில் இருக்கின்றன. 14.06.2025 அன்று இரண்டு கேமராக்களையும் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவற்றுக்கு மின்சாரமும் இல்லை, வைஃபையும் இல்லை. அந்த நாளுக்குப் பிறகு என் கணக்கில் ஒரு நிமிடப் பதிவுகூட ஏறியிருக்காது. உங்கள் சர்வரில் பார்த்தாலே தெரியும்.

செயலியில் ரத்து செய்யாமல் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். செயலி என் டேப்லெட்டில் இன்னும் திறந்துதான் இருக்கிறது. கணக்குப் பக்கம், பில், கேமராவின் சீரியல் எண் எல்லாம் தெரிகின்றன. ஆனால் ‘சந்தாவை ரத்து செய்’ என்பதைத் தொட்டதும் பதிவான கைபேசி எண்ணுக்கு ஓடிபி போகிறது. அந்த எண், 62 என்று முடிவது, என் அம்மாவுடையது. கேமரா மாட்ட வந்தவர் அன்று வீட்டில் இருந்த போனைக் கொண்டு பதிவு செய்தார். அருமனையில் அந்த நெட்வொர்க்குக்கு டவர் சரியாகக் கிடைப்பதில்லை என்று 2024-லேயே அம்மா வேறு எண்ணுக்கு மாறிவிட்டார். ரீசார்ஜ் செய்யாததால் பழைய எண் அணைந்துவிட்டது. இப்போது அந்த எண்ணுக்கு அழைத்தால் முன்பின் தெரியாத ஒருவர் எடுக்கிறார். எண் அவருக்கு முறைப்படியே போயிருக்கிறது, அவர்மேல் குற்றம் இல்லை.

செயலியில் எண்ணை மாற்றலாமே என்றால், அதற்கும் பழைய எண்ணுக்குத்தான் ஓடிபி போகிறது. கதவைப் பூட்டிச் சாவியையும் உள்ளே வைத்தாற்போல இருக்கிறது இந்த ஏற்பாடு.

20.06.2025 அன்று இதே மின்னஞ்சலிலிருந்து ரத்து செய்யும்படி எழுதினேன். ‘உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்று புகார் எண்ணோடு பதில் வந்தது. அது நடக்கும் என்று இருந்தேன். 09.07.2025 அன்று ₹598 போயிற்று. ஆகஸ்ட் 7-ஆம் தேதி வங்கியிலிருந்து பணம் பிடிக்கப்போவதாக முன்னறிவிப்பு வந்ததும் உங்கள் சாட்டில் கேட்டேன். பதிவான எண்ணிலிருந்து ஓடிபி சொன்னால் மட்டுமே ரத்து செய்ய முடியும் என்று உங்கள் ஊழியர் எழுதினார். எண் என் கையில் இல்லை என்று விளக்கியபோது, மூன்று மாதத்துக்குப் பாதி விலையில் தருகிறோம் என்றார். ரத்து செய்ய ஓடிபி வேண்டும், சலுகையை ஏற்றுக்கொள்ள மட்டும் ‘ஆம்’ என்று ஒரு சொல் போதும்! 09.08.2025 அன்று மறுபடியும் ₹598 போயிற்று.

ஓடிபிக்குப் பதிலாகக் கணக்கு என்னுடையதுதான் என்று காட்ட ஆதாரங்களை இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

`01_account.png` என்பது டேப்லெட்டில் எடுத்த கணக்குப் பக்கம். கணக்கு எண், என் பெயர், மின்னஞ்சல், இரண்டு கேமராக்களின் சீரியல் எண்கள் அதில் உள்ளன. `02_invoices.pdf` நீங்களே அனுப்பிய ஜூலை, ஆகஸ்ட் பில்கள். இரண்டிலும் என் பெயரும் அதே கணக்கு எண்ணும் இருக்கின்றன. `03_statement.pdf` என் வங்கிக் கணக்கு விவரத்தின் பக்கங்கள். அந்த இரண்டு பற்று வரிகளை மட்டும் விட்டு மற்றவற்றை மறைத்திருக்கிறேன், கார்டின் கடைசி நான்கு இலக்கம் 4471. பில்லில் உள்ள இலக்கத்தோடு அதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். `04_cameras.jpg` கழற்றிய கேமராக்களின் பின்பக்கப் படம். சீரியல் எண் ஒட்டிய ஸ்டிக்கர் தெளிவாகத் தெரியும். முதல் இணைப்பில் உள்ள எண்களோடு இவை ஒத்துப்போவதையும், கருவிகள் என் கையில் இருப்பதையும் இது காட்டும். என்னைக் கேட்டால் ஓடிபியைவிட இதுதான் வலுவான ஆதாரம். `05_mails_chat.pdf` ஜூன் மாதக் கோரிக்கை, உங்கள் பதில், ஆகஸ்ட் 7 சாட் ஆகியவை. அடையாளத்துக்கு `06_id.pdf`, கடைசி நான்கு எண் மட்டும் தெரியும்படி ஆதார் தளத்திலிருந்தே இறக்கிய மறைக்கப்பட்ட ஆதார்.

இவற்றுக்கு மேல் முழுக் கார்டு எண், சிவிவி, முழு ஆதார் எண் எதையும் தரமாட்டேன். இதில் ஏதாவது படம் தெளிவாக இல்லை என்றால் எந்தப் படம் என்று எழுதுங்கள், அன்றே வேறு அனுப்புகிறேன். ‘ஆதாரம் போதவில்லை’ என்று பொத்தாம்பொதுவாகப் பதில் வந்தால் அதை நான் ஏற்க முடியாது.

வங்கிப் பக்கத்திலும் ஒரு வேலையை முடித்துவிட்டேன். 19.08.2025 அன்று இந்த ஆட்டோ டெபிட்டுக்கான இ-மேண்டேட்டை ரத்து செய்தேன். வங்கியின் உறுதிச் செய்தி `07_mandate.png`-இல் இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படிப்பட்ட பற்றுக்கு 24 மணி நேரம் முன்பாவது அறிவிப்பு வர வேண்டும், எந்த நேரத்திலும் அனுமதியைத் திரும்பப் பெறும் உரிமை கார்டுதாரருக்கு உண்டு. ஆனால் வங்கியில் நிறுத்தினால் பணம் போவதுதான் நிற்கும், உங்கள் ஏட்டில் சந்தா ஓடிக்கொண்டே இருக்கும். மாதாமாதம் ‘நிலுவை’ என்று எழுதிவைத்து ஒரு வருடம் கழித்து வசூலுக்கு ஆள் விடுகிற கதை எனக்கு வேண்டாம். அதனால் சந்தாவையே முடிக்கச் சொல்கிறேன். கணக்கில் சேமித்துள்ள வேறு எந்த வழியிலும், யுபிஐ உட்பட, பணம் எடுக்க முயலவும் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை இவை. 20.06.2025 என்ற தேதியையே ரத்துக் கோரிக்கையின் தேதியாக எடுத்துக்கொண்டு சந்தாவை முடியுங்கள். ஜூன் 9-ஆம் தேதி பிடித்த தொகை ஜூலை 8 வரைக்குமானது, கேமரா அதில் சில நாள் ஓடவும் செய்தது. அதை நான் திருப்பிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பிடித்த இரண்டு தவணை, மொத்தம் ₹1,196, பணம் போன அதே கார்டுக்கே திரும்ப வர வேண்டும். வாலட்டிலோ கூப்பனாகவோ வேண்டாம். நிலுவை ஏதும் இல்லை என்று எழுத்தில் தாருங்கள்.

அப்புறம், பணத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்தப் பழைய கைபேசி எண். அது என் கணக்கில் இருக்கும் வரை, கடவுச்சொல்லை மாற்றும் ஓடிபியும் வேறொருவருக்குத்தான் போகும். அவர் நினைத்தால் எங்கள் முன்வாசலின் பழைய காட்சிகளைப் பார்க்க முடியும். அம்மா தனியாக இருந்த வீடு அது. இன்று அங்கே உறவினர் குடும்பம் குழந்தைகளோடு வசிக்கிறது. ஆகவே அந்த எண்ணை இன்றே நீக்குங்கள், இனி எந்த ஓடிபியும் அதற்கு அனுப்பாதீர்கள். சேமித்துள்ள காட்சிகளையும் கார்டு விவரத்தையும் அழித்துவிடுங்கள். காட்சிகளின் நகல் எதுவும் எனக்குத் தேவையில்லை. சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பில் விவரங்களை வைத்துக்கொள்ளலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-இன்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். ஜூன் மாதக் கோரிக்கைக்கு அந்த ஒரு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. சந்தாவிலிருந்து வெளியேறுவதை இயலாததாகவோ சிக்கலானதாகவோ ஆக்குவதை, 2023 நவம்பர் 30 அன்று வெளியான டார்க் பேட்டர்ன் தடுப்பு வழிகாட்டுதல்கள் ‘சந்தாப் பொறி’ என்று தனியாகவே பட்டியலில் வைத்திருக்கின்றன. உங்கள் நோக்கம் அதுதான் என்று நான் சொல்லவில்லை. கணக்குதாரரின் எண் மாறிவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் விளைவு ஒன்றுதான்.

05.09.2025-க்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டாலோ, 9-ஆம் தேதி மறுபடி பணம் பிடிக்க முயன்றாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவேன். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. அந்த அளவுக்குப் போகாமல் முடிந்தால் இருவருக்கும் நல்லது.

பதிலை இதே மின்னஞ்சலுக்கு, தமிழிலோ ஆங்கிலத்திலோ அனுப்புங்கள். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். பகலில் வேலையில் இருப்பேன், பேசியதற்குச் சாட்சியும் இருக்காது. சந்தா முடிந்த தேதி, திருப்பிய தொகை, அதன் பரிவர்த்தனை எண், பழைய கைபேசி எண்ணை நீக்கிய தேதி ஆகிய நான்கும் பதிலில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ரா. ஷீலா
கணக்கு எண் 70418326

இணைப்பு: மேலே சொன்ன ஏழு கோப்புகள்