பரிந்துரைக் கடிதம்: கயல்விழி, இளநிலை இயற்பியல் படிப்பு

மாணவர் சேர்க்கைக் குழுவினருக்கு,

வணக்கம். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் கயல்விழிக்கு இயற்பியல் கற்பித்தவள் நான். அவருடைய மதிப்பெண்கள் சான்றிதழில் இருக்கின்றன; அதில் இல்லாத ஒன்றைச் சொல்லவே இக்கடிதம்.

தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டிய இடத்தில் அவருக்கு 9.4 வந்தது. இப்படி வந்தால் பதிவேட்டில் எண்ணைச் சற்றே 'சரிசெய்து' எழுதிவிடுவது மாணவர் வழக்கம். (ஆசிரியர்களுக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை.) கயல்விழி 9.4 என்றே எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். மறுநாள் மதிய இடைவேளையில் ஆய்வகச் சாவியைக் கேட்டு வந்தார். நூலின் நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்காமல் கொக்கியோடு நிறுத்தியிருந்ததை அவரே கண்டுபிடித்தார். பழைய விடையை அடிக்காமல், அதன் கீழே காரணத்தையும் புதிய அளவீட்டையும் எழுதினார். இத்தனை ஆண்டுகளில் அப்படியொரு பக்கத்தை நான் திருத்தியதில்லை.

குறையும் உண்டு. வகுப்பில் தானாக வாய் திறக்க மாட்டார். கேட்டால்தான் பதில் வரும். இந்த ஆண்டு பத்தாம் வகுப்பினருக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபின் அந்தத் தயக்கம் பெருமளவு குறைந்திருக்கிறது.

வெளிநாட்டில் தனியாகச் சமாளிப்பாரா என்று அவர் தாயார் என்னிடம் கேட்டார். தயங்காமல் 'சமாளிப்பார்' என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். அவரை உங்கள் இளநிலை இயற்பியல் படிப்பில் சேர்த்துக்கொள்ளுமாறு முழுமனத்துடன் பரிந்துரைக்கிறேன்.

இப்படிக்கு,
இரா. மாலதி
முதுநிலை இயற்பியல் ஆசிரியர்