ரொக்கப் புத்தகம்: 9.6.2025 முதல் 14.6.2025 வரை, நாள் சிட்டைகளிலிருந்து திரும்ப எழுதியது

காரைக்குடி, பலகாரக் கடை அண்ணனுக்கு,

கடைப் பையன் ஊருக்குப் போனதால் எழுதாமல் நின்ற ஆறு நாள் ரொக்கக் கணக்கைக் கீழே எழுதியிருக்கிறேன். ஓவர்டிராப்ட் புதுப்பிக்கப் பாங்கில் கேட்ட புத்தகத்தில் இந்தப் பக்கங்கள்தான் குறைந்தன.

நீங்கள் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த சிட்டைகள், பில் கட்டு, போனில் வந்த பணத்தின் தினசரிப் பட்டியல் ஆகிய மூன்றும்தான் ஆதாரம். சிட்டையில் "விற்பனை" என்று எழுதியிருப்பது ரொக்கமும் ஜிபேயும் சேர்ந்த தொகை. அதில் ஜிபேயைக் கழித்த மீதியே ரொக்கப் புத்தகத்துக்கு வரவு. ஜிபேக்கு பாங்க் வரவைப் பார்க்கவில்லை. இரவு கடை சாத்தும் நேரத்தில் வரும் பணம் சில சமயம் மறுநாள்தான் கணக்கில் ஏறுகிறது, அதனால் போன் பட்டியலையே எடுத்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அண்ணே. கல்லாவில் எண்ணிய தொகையை வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி விற்பனையை எங்கும் திருத்தவில்லை. அப்படிச் செய்தால் எந்த நாளும் நேராகும், ஆனால் கல்லாவை எண்ணியதற்கே பலன் இல்லாமல் போகும். வரவையும் பற்றையும் தனியாக எழுதி இருப்பு கட்டிய பிறகுதான், நீங்கள் எண்ணிய தொகையோடு ஒப்பிட்டேன்.

9.6.2025, திங்கள்

| விவரம் | வரவு | பற்று |
|---|---|---|
| ஆரம்ப இருப்பு | 14,350 | |
| ரொக்க விற்பனை (18,420-ல் ஜிபே 6,150 போக) | 12,270 | |
| புதுவயல் மில், அரிசி | | 4,800 |
| கூலி | | 2,400 |
| ஆட்டோ, டீ | | 350 |
| இறுதி இருப்பு | | 19,070 |

எண்ணியது 19,070. நேர்.

10.6.2025, செவ்வாய்

| விவரம் | வரவு | பற்று |
|---|---|---|
| ஆரம்ப இருப்பு | 19,070 | |
| ரொக்க விற்பனை (15,900-ல் ஜிபே 5,200 போக) | 10,700 | |
| எண்ணெய்க் கடை, கடலை எண்ணெய் | | 12,500 |
| கூலி | | 2,400 |
| ஆட்டோ | | 150 |
| இறுதி இருப்பு | | 14,720 |

எண்ணியது 14,720. இருப்பு நேர்தான், ஆனால் எண்ணெய்க் கடைக்கு 12,500 முழுவதையும் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், புத்தகம் எழுதி வருமானம் காட்டுகிற நமக்கு அந்தச் செலவு வரிக் கணக்கில் கழியாது (வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 40ஏ(3)). நடந்ததை நடந்தபடியே எழுதிவிட்டேன். அடுத்த லோடுக்கு பாங்க் வழியாகவே அனுப்புங்கள்.

11.6.2025, புதன்

| விவரம் | வரவு | பற்று |
|---|---|---|
| ஆரம்ப இருப்பு | 14,720 | |
| ரொக்க விற்பனை (16,780-ல் ஜிபே 5,940 போக) | 10,840 | |
| கூலி | | 2,400 |
| கேஸ் சிலிண்டர் | | 1,960 |
| பேக்கிங் கவர், அட்டைப் பெட்டி | | 1,640 |
| பாங்கில் கட்டியது | | 10,000 |
| இறுதி இருப்பு | | 9,560 |

சிட்டைப்படி கட்டியபோது இருப்பு 9,740 வந்தது. நீங்கள் எண்ணியது 9,560. துண்டு விழுந்தது 180. வித்தியாசம் ஒன்பதால் மீதமில்லாமல் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். பில் கட்டைப் புரட்டியதில் கவர்க் கடை பில் 1,640. சிட்டையில் அதே வரி 1,460 என்று இருக்கிறது. ஆறும் நாலும் மாறியிருக்கின்றன. பில்லின் தொகையை எழுதியதும் இருப்பு ஒத்துப் போனது.

12.6.2025, வியாழன்

| விவரம் | வரவு | பற்று |
|---|---|---|
| ஆரம்ப இருப்பு | 9,560 | |
| ரொக்க விற்பனை (21,300-ல் ஜிபே 8,100 போக) | 13,200 | |
| ஆர்டர் முன்பணம், கானாடுகாத்தான் சாந்திக் கல்யாணம் | 5,000 | |
| கூலி, கூடுதல் ஆள் சேர்த்து | | 3,000 |
| வெல்லம், பாசிப்பருப்பு | | 3,450 |
| பால், டீ | | 200 |
| இறுதி இருப்பு | | 21,110 |

கணக்கில் 16,110, கல்லாவில் 21,110. கூடுதலாக இருந்த 5,000, தாளின் ஓரத்தில் "கானா. அட்வா." என்று எழுதியிருந்த முன்பணம். பலகாரம் இன்னும் கொடுக்கவில்லை என்பதால் அது விற்பனை ஆகாது. பேரேட்டில் அவர்கள் பெயரில் வரவு வைத்திருக்கிறேன்.

13.6.2025, வெள்ளி

| விவரம் | வரவு | பற்று |
|---|---|---|
| ஆரம்ப இருப்பு | 21,110 | |
| ரொக்க விற்பனை (19,600-ல் ஜிபே 7,250 போக) | 12,350 | |
| புதுவயல் மில், அரிசி | | 4,800 |
| கூலி | | 2,400 |
| ஆட்டோ | | 300 |
| வீட்டுக்கு எடுத்தது | | 2,000 |
| இறுதி இருப்பு | | 23,960 |

இந்த நாள் சிட்டையில் ஜிபே தொகை இல்லை, போன் பட்டியலிலிருந்து எடுத்தேன். அப்போதும் 2,000 குறைந்தது. தாளின் கீழே பென்சிலில் "வீ 2" என்று இருந்தது. போனில் கேட்டபோது ஆச்சி வீட்டுச் செலவுக்கு வாங்கியதாகச் சொன்னீர்கள். இது கடைச் செலவில் சேராது, உங்கள் சொந்தப் பற்று. இனிமேல் தொகையைப் பேனாவில் முழுதாக எழுதுங்கள் அண்ணே. ஆறு மாதம் கழித்து "வீ 2" என்றால் உங்களுக்கே நினைவிருக்காது.

14.6.2025, சனி

| விவரம் | வரவு | பற்று |
|---|---|---|
| ஆரம்ப இருப்பு | 23,960 | |
| ரொக்க வரவு (கீழே விளக்கம்) | 18,270 | |
| கூலி | | 3,000 |
| மாஸ்டர் சம்பளம் | | 6,000 |
| கானாடுகாத்தான் ஆட்டோ | | 500 |
| பாங்கில் கட்டியது | | 15,000 |
| கல்லா குறைவு | | 90 |
| இறுதி இருப்பு | | 17,640 |

சிட்டையில் விற்பனை 32,750, ஜிபே 9,480. கழித்தால் 23,270. அந்த விற்பனைக்குள் கல்யாண ஆர்டர் பில் 14,000 முழுதாக இருக்கிறது: அதிரசம், மனகோலம், சீப்புச் சீடை எல்லாம் சேர்த்து. அதில் 5,000 வியாழனே கைக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை வந்தது மீதி 9,000 மட்டும். 23,270-ல் 5,000 போக 18,270-தான் ரொக்கம். விற்பனைக் கணக்குக்கு 14,000 முழுதும் போகும், அவர்கள் பெயரில் இருந்த முன்பணம் தீர்ந்தது.

இதன்படி இருப்பு 17,730 வர வேண்டும். நீங்கள் நோட்டு வாரியாக எழுதியிருப்பது:

500 × 28 = 14,000
200 × 9 = 1,800
100 × 13 = 1,300
50 × 6 = 300
20 × 7 = 140
10 × 6 = 60
சில்லறை = 40
மொத்தம் = 17,640

90 ரூபாய் குறைகிறது. இதுவும் ஒன்பதால் வகுபடும் என்பதால் அன்றைய ஒவ்வொரு வரியையும் பில்லோடும் போன் பட்டியலோடும் திரும்பப் பார்த்தேன். இலக்கம் எங்கும் மாறவில்லை, விட்டுப்போன வரியும் தெரியவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் மீதிச் சில்லறை கூடுதலாகப் போயிருக்கலாம், உறுதியாகச் சொல்ல ஆதாரமில்லை. "டீ செலவு" என்று எழுதிச் சரிக்கட்ட எனக்கு மனமில்லை. கல்லா குறைவு என்றே எழுதியிருக்கிறேன். காரணம் நினைவுக்கு வந்தால் சொல்லுங்கள், நினைவு வந்த தேதியில் தனி வரியாகத் திருத்தம் எழுதுகிறேன், இந்தப் பக்கத்தை அடிக்க வேண்டாம்.

வாரக் கட்டு

| | ரூபாய் |
|---|---|
| ஆரம்ப இருப்பு, 9.6.2025 | 14,350 |
| ரொக்க விற்பனை வரவு | 77,630 |
| ஆர்டர் முன்பணம் | 5,000 |
| கூட்டல் | 96,980 |
| கடைச் செலவுகள் | 52,250 |
| பாங்கில் கட்டியது | 25,000 |
| வீட்டுக்கு எடுத்தது | 2,000 |
| கல்லா குறைவு | 90 |
| இறுதி இருப்பு, 14.6.2025 | 17,640 |

பாங்கில் கட்டிய 10,000, 15,000 இரண்டுக்கும் சலான் நகல் புதன், சனி பக்கங்களில் ஒட்டியிருக்கிறேன். கவர்க் கடை பில்லும் புதன் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிறு கடை இல்லை, ஆகவே 16.6.2025 திங்கள் ஆரம்ப இருப்பு 17,640. அன்று காலை கல்லாவைத் திறந்ததும் ஒருமுறை எண்ணிப் பார்த்து, ஆறு பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பாங்குக்குக் கொடுக்க வேண்டிய நகலை அதன்பிறகு எடுக்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கு எழுதுபவர்
காரைக்குடி, 15.6.2025