அப்பாவின் டெபாசிட், லாக்கர் விவரம்

கும்பகோணம்
14.02.2026

அன்புள்ள கார்த்திக்,

அண்ணன் போய் ஒரு மாதம் தாண்டிவிட்டது. உன் அம்மா இப்போதுதான் அந்தப் பச்சைப் பையை என்னிடம் கொடுத்தாள். நேற்று முழுவதும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். பாங்கில் முப்பது வருடம் குப்பை கொட்டியவள் நான், என் அண்ணன் பேப்பர் வைத்திருந்த லட்சணத்தைப் பார்த்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மளிகைச் சீட்டுக்கு நடுவில் டெபாசிட் ரசீது!

மொத்தம் மூன்று டெபாசிட். 4 லட்சம், அப்பா அம்மா இருவர் பெயரிலும், 'இருவரில் எவரேனும் அல்லது உயிரோடிருப்பவர்' என்று போட்டது. இதில் சிக்கல் இல்லை. இறப்புச் சான்றிதழைக் கொடுத்து அப்பா பெயரை எடுத்துவிட்டால் போதும். 2027 மார்ச்சில் முதிரும்வரை அப்படியே கிடக்கட்டும்.

இரண்டாவது 2,50,000, அப்பா பெயரில் மட்டும், நாமினி நீ. இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். நாமினி என்றால் பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை உள்ளவன், அவ்வளவுதான். உயில் எதுவும் இல்லாததால் அது அம்மா, நீ, உன் அக்கா மூவருக்கும் சமமாகச் சேர வேண்டியது. அக்கா வாய் திறந்து கேட்கமாட்டாள், நீயே முதலில் சொல்லிவிடு. பணம் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்கில்தான் வரும். ஊரில் இருந்தபோது தொடங்கிய சேமிப்புக் கணக்கை இன்னும் மாற்றவில்லை என்றாயே, அதை உடனே செய்.

மூன்றாவது வெறும் 25,000. அதைத் தொடாதே. லாக்கர் வாடகைக்கு ஈடாக பாங்க் பிடித்து வைத்திருப்பது அது. லாக்கரை ஒப்படைத்த பிறகுதான் விடுவிப்பார்கள்.

லாக்கர் எண் 214. அப்பா பெயரில் மட்டும்தான், நாமினி அம்மா. சாவி பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் இருந்தது, இப்போது என்னிடம் பத்திரம். வாடகை மார்ச் 31 வரை கட்டியாயிற்று. அப்பாவின் டைரிப்படி உள்ளே வீட்டுப் பத்திரம், அம்மாவின் காசுமாலை, நான்கு வளையல், உன் பாட்டியின் வைரத்தோடு. திறக்கும்போது பாங்க்காரர்கள் சாட்சிகளை வைத்து ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுதுவார்கள். அம்மா மட்டும் போனாலே போதும். ஆனால் நீ ஏப்ரலில் வரும்வரை திறக்கமாட்டேன் என்கிறாள். சரி, இருக்கட்டும்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்தாயிற்று. தாலுகா அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்துபோனார்கள். இறப்புச் சான்றிதழ் பத்து நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரலில் லீவு கிடைக்காது போலிருந்தால் இப்போதே சொல். மெல்போர்ன் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அக்கா பெயருக்கு பவர் பத்திரம் அனுப்ப வேண்டியிருக்கும். அது இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணமும் கட்டியாக வேண்டும்.

அப்புறம், ரசீதுகளின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். குடும்பக் குரூப்பில் போடாதே.

அன்புடன்,
மீனா அத்தை