எட்டு வாரங்களில் மலைக்குத் தயாராதல்: நம் அறுவருக்கான படிக்கட்டு, சுமை நடைப் பயிற்சித் திட்டம்

அன்பு நண்பர்களுக்கு,

நாம் புறப்படுவதற்கு இன்னும் சரியாக எட்டு வாரங்கள் இருக்கின்றன. ஐந்து நாள் நடையில் மூன்றாம் நாள்தான் கடினமானது. அன்று ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறி, 3,600 மீட்டர் உயரமுள்ள கணவாயைக் கடந்து, மறுபக்கம் 1,200 மீட்டர் இறங்க வேண்டும். ஒவ்வொருவர் முதுகிலும் ஒன்பது கிலோ இருக்கும். அந்த நாளையும், அதைவிட முக்கியமாக அதற்கு அடுத்த நாள் காலையையும் மனத்தில் வைத்தே இத்திட்டத்தை எழுதியிருக்கிறேன்.

நம்மில் யாருக்கும் அருகில் மலை இல்லை. ஆனால் எல்லோருக்கும் எட்டு மாடிக் கட்டடம் ஒன்று எட்டும் தொலைவில் இருக்கிறது. ஒரு படியின் உயரம் சுமார் 17 சென்டிமீட்டர், ஒரு தளத்துக்கு இருபது படிகள் என்று கொண்டால், தரையிலிருந்து எட்டாம் தளம் வரை 160 படிகள், அதாவது 27 மீட்டர் ஏற்றம். இதை ஒரு சுற்று என்று கொள்வோம். உங்கள் கட்டடத்தின் படிகளை ஒருமுறை எண்ணி, ஒரு படியின் உயரத்தையும் அளந்து, ஒரு சுற்றுக்கு எத்தனை மீட்டர் வருகிறது என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள். மூன்றாம் நாளின் ஏற்றத்தை முழுமையாக ஈடுசெய்ய 37 சுற்றுகள் தேவைப்படும். ஒரே நாளில் அத்தனை சுற்றுகளை யாரும் செய்யத் தேவையில்லை. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவைச் சுமையோடு, மூச்சு கட்டுக்குள் இருக்கும் நிலையில் செய்து முடிக்க முடிந்தால், நாள் முழுவதும் நிறுத்தி நிறுத்தி ஏறும் மலைக்கு அது போதுமானது.

நான் வலியுறுத்த விரும்புவது இறக்கத்தைத்தான். எனது முதல் நெடுநடைக்கு முன்பு இரண்டு மாதங்கள் ஒரு நாளும் தவறாமல் படியேறினேன். முழங்காலுக்கு நல்லது என்று எண்ணி, ஒவ்வொரு முறையும் மின்தூக்கியிலேயே இறங்கினேன். மலையில் ஏற்றம் எளிதாகவே இருந்தது. முதல் நாள் மாலை நீண்ட இறக்கத்துக்குப் பிறகு தொடைகள் நடுங்கத் தொடங்கின, மறுநாள் காலையில் கூடாரத்திலிருந்து எழுந்து நிற்கவே ஒருவரின் கை தேவைப்பட்டது. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாவது வகை உழைப்புதான் தசை இழைகளில் நுண்ணிய சேதத்தை ஏற்படுத்தி, ஒன்று முதல் மூன்று நாள்களுக்குப் பிறகு உச்சம் பெறும் வலியைத் தருகிறது. நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை அளவாக இந்த உழைப்பைக் கொடுத்துவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே உழைப்பு அந்தத் தசையை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. எனவே இறங்குதலை ஒரு தனிப் பயிற்சியாகவே கருதுங்கள். முழுப் பாதத்தையும் படியில் வைத்து, முழங்கால் பெருவிரலின் பக்கம் உள்ளே சாயாமல், ‘தொப்’பென்று விழாமல் உடலை மெல்ல இறக்குங்கள். உங்கள் காலடிச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் வேகம் அதிகம் என்று பொருள்.

மூச்சுக்கு வருவோம். இப்பயிற்சியால் மாறுவது பெரும்பாலும் நுரையீரல் அல்ல. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைத் தள்ளக் கற்றுக்கொள்கிறது, தசைகளுக்குள் நுண்குழாய்கள் பெருகுகின்றன, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் உயர்கிறது. இவற்றில் பெரும்பகுதி வேகமான ஓட்டத்தால் அல்லாமல், நீண்ட நேரம் மிதமான வேகத்தில் உழைப்பதால் கிடைக்கிறது. ஆகவே சுமை நடையின்போது முழு வாக்கியங்களில் பேச முடிய வேண்டும். படியேறும்போது நான்கைந்து சொற்களாவது ஒரே மூச்சில் வர வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் நிற்காதீர்கள், வேகத்தைக் குறையுங்கள். மலையில் நம்மைக் கரைசேர்ப்பது நிற்காமல் மெதுவாக ஏறும் பழக்கமே. இரண்டு படிகளுக்கு மூச்சை இழுத்து இரண்டு படிகளுக்கு விடுவது ஒரு நல்ல தொடக்கத் தாளம். சுமை கூடும்போது ஒரு படிக்கு ஒரு மூச்சு என்று ஆனாலும் தவறில்லை.

வாரத்துக்கு நான்கு நாள்கள் போதும். செவ்வாயும் வியாழனும் படிக்கட்டு, சனிக்கிழமை சுமை நடை, ஞாயிறன்று சுமையில்லாத இலகு நடை. மற்ற மூன்று நாள்களும் ஓய்வு. அந்த ஓய்வும் பயிற்சியின் பகுதியே. இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே முன்னேறிவிடும், தசைகள் அதற்குப் பின்னால் வரும், தசைநார்களும் மூட்டுகளைச் சுற்றிய இழைகளும் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் உறுதிபெறும். மூன்றாம் வாரத்தில் “எனக்கு இது மிகவும் எளிதாக இருக்கிறது” என்று தோன்றும்போதுதான் பலர் சுமையை இரட்டிப்பாக்கி முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். படிக்கட்டில் முதல் இரண்டு வாரங்கள் சுமையே வேண்டாம். அதன் பிறகும் கீழே தந்துள்ள அளவை யாரும் தாண்ட வேண்டாம்.

முதல் வாரம் படிக்கட்டில் நான்கு சுற்றுகள். அவற்றில் இரண்டு சுற்றுகள் மட்டும் படி வழியாக இறங்குங்கள், மற்ற இரண்டுக்கு மின்தூக்கியைப் பயன்படுத்துங்கள். சனிக்கிழமை மூன்று கிலோவுடன் ஒரு மணி நேர நடை. இரண்டாம் வாரம் ஆறு சுற்றுகள், நான்கில் படி வழி இறக்கம், நடை 75 நிமிடம். மூன்றாம் வாரம் முதுகில் மூன்று கிலோவுடன் எட்டுச் சுற்றுகள், இப்போதிருந்து எல்லா இறக்கமும் படி வழியே. நடை ஐந்து கிலோவுடன் 90 நிமிடம். நான்காம் வாரத்தை வேண்டுமென்றே குறைத்திருக்கிறேன்: அதே மூன்று கிலோவுடன் ஆறு சுற்றுகள், 75 நிமிட நடை. அந்த வாரத்தில் உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்பதால் தயவுசெய்து அதைத் தாண்டிச் செல்லாதீர்கள்.

ஐந்தாம் வாரம் ஐந்து கிலோவுடன் பத்துச் சுற்றுகள், சனிக்கிழமை ஆறு கிலோவுடன் இரண்டு மணி நேரம். ஆறாம் வாரம் ஏழு கிலோவுடன் செவ்வாயன்று பன்னிரண்டு சுற்றுகள், வியாழனன்று அதில் பாதி. சனிக்கிழமை எட்டு கிலோவுடன் இரண்டரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை அதே பையுடன் ஒரு மணி நேரம். ஞாயிற்று நடையில் கால் கனமாக இருக்கும். களைத்த காலில் மீண்டும் நடப்பதுதான் பல நாள் மலை நடையின் உண்மையான சவால் என்பதால் அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர்க்காதீர்கள்.

ஏழாம் வாரம் உச்சம். செவ்வாயன்று ஒன்பது கிலோவுடன் பதினாறு சுற்றுகள், அதாவது சுமார் 435 மீட்டர் ஏற்றமும் அதே அளவு இறக்கமும். இடைநின்று தண்ணீர் குடித்தால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். வியாழனன்று சுமையின்றி ஆறு சுற்றுகள் மட்டும். சனிக்கிழமை மலையில் அணியப்போகும் காலணி, காலுறை, பை எல்லாவற்றுடனும் மூன்றரை மணி நேரம், ஞாயிறன்று இரண்டு மணி நேரம்.

சுமைக்குத் தண்ணீர்ப் புட்டிகளே சிறந்தவை. ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் அளவு பிசகாது, முழங்கால் முனகத் தொடங்கினால் வழியிலேயே ஊற்றிவிட்டு எடையைக் குறைக்கலாம். கனமானவை முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு இடையே இருக்க வேண்டும். பையின் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இறுக்கிய பிறகே தோள் வார்களை இறுக்குங்கள். எடையின் பெரும்பகுதி இடுப்பில் தங்க வேண்டும், தோளில் அல்ல. நடைக்கோல்களைக் கொண்டுவருபவர்கள் ஆறாம் வாரத்திலிருந்தே அவற்றோடு நடந்து பழகுங்கள்.

படிக்கட்டு நாள்களின் முடிவில், கடைசிப் படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மறு குதிகால் கீழே தரையை மெல்லத் தொடும்வரை இறங்கி, மீண்டும் எழுங்கள். காலுக்கு எட்டு முறை, இரண்டு தொகுதி. பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள், பதினைந்து முறை. இவ்விரண்டும் ஐந்து நிமிடங்களே எடுக்கும், ஆனால் இறக்கத்தில் முழங்காலைக் காப்பது பெரும்பாலும் இவைதான்.

தசை முழுவதும் பரவும் மந்தமான வலி இயல்பானது. மூட்டுக்குள் ஒரே இடத்தில் குத்தும் வலி, வீக்கம், நடையை மாற்றவைக்கும் வலி ஆகியவை இயல்பானவை அல்ல, அப்போது அன்றைய பயிற்சியை நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு ஆகியவை வந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். நம்மில் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து எடுப்பவர்கள் முதல் வாரம் தொடங்கும் முன்பே மருத்துவரின் ஒப்புதலைப் பெற்றுவிடுங்கள். காய்ச்சல் இருக்கும் நாளில் படிக்கட்டு வேண்டாம், விட்டுப்போன நாளை அடுத்த நாளில் ஈடுசெய்யவும் வேண்டாம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கணவாயின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டியே இருக்கும். சமவெளியில் எவ்வளவு படியேறினாலும், அங்கே ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் வராது என்பதற்கு உறுதியில்லை. நல்ல உடற்தகுதி உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் சில நேரங்களில் அவர்களுக்கே அது முதலில் வருகிறது. அதற்கு மருந்து மெதுவாக உயர்வதும், தலைவலியை மறைக்காமல் சொல்வதும், நிலை மோசமானால் இறங்குவதும்தான். நம் கால அட்டவணையில் கூடுதலாக ஒரு நாள் வைத்திருப்பதன் காரணம் இதுவே.

எட்டாம் வாரத்தில் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். செவ்வாயன்று ஐந்து கிலோவுடன் ஆறு சுற்றுகள், வியாழனன்று சுமையின்றி முக்கால் மணி நேர நடை. அதன் பிறகு புறப்படும் வரை படிக்கட்டு வேண்டாம். கடைசி நேரப் பயிற்சி வலுவைக் கூட்டாது, வலியை மட்டும் மலைக்குக் கொண்டுசெல்லும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகங்களை நேராக வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் விரல்கள் காலணியின் முனையில் இடித்து நகம் கறுப்பது அப்போதுதான் தவிர்க்கப்படும். ஏழாம் வார நடையில் தோல் சிவந்த இடங்களை நினைவில் வைத்து, முதல் நாள் காலையிலேயே, கொப்புளம் வரும் முன்பு, அங்கே ஒட்டுநாடாவை ஒட்டிக்கொள்ளுங்கள்.