அறிவுமுதல்வாதமும் அனுபவமுதல்வாதமும்: திங்கட்கிழமைத் தேர்வுக்கு ஒரு பக்கத் திருப்புதல்

முதலாண்டு, மெய்யியல் அறிமுகம். தேர்வு காலை 10 மணிக்கு. ராமேஸ்வரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் பாம்பன் தாண்டுவதற்குள் ஒருமுறை வாசித்துவிடலாம்.

கேள்வி ஒன்றுதான்: உலகைப் பற்றிய உறுதியான அறிவு எங்கிருந்து வருகிறது?

| | அறிவுமுதல்வாதம் | அனுபவமுதல்வாதம் |
|---|---|---|
| ஊற்று | சிந்தனை. சில உண்மைகளைப் புலன்களின் துணையில்லாமலே அறியலாம் | புலனனுபவமும், மனம் தன்னையே கவனிப்பதும் |
| ஆட்கள் | டெக்கார்ட் (1596–1650), ஸ்பினோசா (1632–1677), லைப்னிட்ஸ் (1646–1716) | லாக் (1632–1704), பார்க்லி (1685–1753), ஹியூம் (1711–1776) |
| பிறக்கும்போது மனம் | உள்ளார்ந்த கருத்துகள் உண்டு. லைப்னிட்ஸின் உவமை: நரம்போடிய பளிங்குக்கல். சிலையின் சாயல் கல்லிலேயே இருக்கிறது, செதுக்குவதுதான் பாக்கி | லாக்: எழுதப்படாத வெள்ளைத் தாள் |
| முன்மாதிரி | கணிதம். ஸ்பினோசா அறவியலையே வடிவியல் போல வரையறை, தேற்றம் என்று எழுதினார் | கவனிப்பும் சோதனையும் |
| முறை | உய்த்தறிதல் | பெரும்பாலும் தொகுத்தறிதல் |
| புலன்கள் | ஏமாற்றக்கூடியவை | தொடக்கம் அங்கேதான் |
| அடையாள வாக்கியம் | ‘நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ (டெக்கார்ட்) | ‘இருத்தல் என்பது உணரப்படுதல்’ (பார்க்லி) |
| இடறும் இடம் | கருத்து பிறவியிலேயே இருந்தால் குழந்தைக்கு ஏன் தெரியவில்லை? (லாக் கேட்டது) | நாளையும் இப்படியே நடக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? (ஹியூம், தம் பக்கத்துக்கே வைத்த வேட்டு) |

மெழுகு. 10 மதிப்பெண் கேள்வியில் இது இல்லாமல் எழுதாதீர்கள். டெக்கார்ட் 1641இல் வந்த நூலில் ஒரு மெழுகுத் துண்டைத் தீயருகே கொண்டுபோகிறார். மணம் போகிறது, நிறம் மாறுகிறது, கெட்டித்தன்மை போகிறது. ஆனாலும் ‘அதே மெழுகு’ என்கிறோம். புலன்கள் சொன்ன எல்லாமே மாறிவிட்டதே, அப்படியானால் ‘அதே’ என்று சொன்னது எது? மனம் என்கிறார். வீட்டில் பாகு காய்ச்சும்போது கருப்பட்டிக் கட்டி கரைவதைப் பாருங்கள், அதே கேள்விதான். ஆனால் விடைத்தாளில் மெழுகு என்றே எழுதுங்கள்.

ஹியூம். பில்லியர்ட் பந்தை வைத்துச் சொன்னார், நமக்குக் கேரம் போதும். ஸ்ட்ரைக்கர் காயில் படுவதைப் பார்க்கிறோம், காய் நகர்வதைப் பார்க்கிறோம். ‘நகர்ந்தே ஆக வேண்டும்’ என்ற கட்டாயத்தைப் பார்த்தோமா? இல்லை. பலமுறை பார்த்த பழக்கத்தில் மனம் எதிர்பார்க்கிறது, அவ்வளவுதான்.

நம் ஊரில் இதற்கு வலிக்கிற உதாரணம் ஒன்று உண்டு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாசஞ்சர் ரயில் வழக்கமாகப் போய்வந்துகொண்டிருந்தது. 1964 டிசம்பர் 22 இரவில் போன ரயில் புயலில் அடித்துச்செல்லப்பட்டது. நேற்றுவரை போய்ச் சேர்ந்தது என்பது இன்றும் சேரும் என்பதற்கு நிரூபணம் ஆகாது. ‘புயல் என்ற காரணம் இருந்ததே’ என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் புயல் இன்னின்னதைச் செய்யும் என்பதும் முன்னால் பார்த்ததை வைத்துத்தானே தெரியும்?

மதிப்பெண் போகிற இடங்கள்

அனுபவமுதல்வாதிகள் சிந்தனையை மறுத்தார்கள் என்று எழுதினால் தவறு. 2+3=5 என்பதற்கு உலகைப் பார்க்க வேண்டியதில்லை என்று ஹியூமே ஒப்புக்கொள்கிறார், அது கருத்துகளுக்கு இடையிலான உறவு. சண்டை உலகைப் பற்றிய செய்திகளில்தான். அதுபோல டெக்கார்டும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர் அல்ல. கண்ணில் ஒளி முறிவதை ஆராய்ந்து எழுதியவர்.

அறிவுமுதல்வாதத்தைப் ‘பகுத்தறிவுவாதம்’ என்றும் சொல்வது உண்டு. அந்தச் சொல்லைப் பார்த்ததும் பெரியாரை எழுதிவிடுகிறார்கள். அது மூடநம்பிக்கை எதிர்ப்பு, வேறு பொருள். அந்த விடையை வாசிக்க எனக்குச் சந்தோஷம்தான், மதிப்பெண்தான் போட முடியாது.

லாக், பார்க்லி, ஹியூம் மூவரையும் ஆங்கிலேயர் என்று எழுதாதீர்கள். லாக் இங்கிலாந்து, பார்க்லி அயர்லாந்து, ஹியூம் ஸ்காட்லாந்து.

காண்ட் இந்தத் தாளில் இல்லை. நேரம் மிஞ்சினால் கடைசியில் ஒரு வரி சேர்க்கலாம்: அறிவு அனுபவத்தோடு தொடங்குகிறது, ஆனால் முழுவதும் அனுபவத்திலிருந்தே எழுவதில்லை என்றார் அவர். அதற்கு மேல் போனால் அடுத்த கேள்விக்கு நேரம் இருக்காது.