கொதித்து ஆறிய நீரே குடிநீர்

தாய்மார்களே, பெரியோர்களே! ஐப்பசி, கார்த்திகை மழையில் கெடிலம் கரைபுரளும்போது கழிவுநீர் நம் குடிநீரிலும் கலந்துவிடுகிறது. காலரா, டைஃபாய்டு ஆகிய இரண்டுமே, நோயாளியின் மலத்தோடு வெளியேறும் பாக்டீரியா தண்ணீர் வழியாக மற்றொருவர் குடலுக்குள் செல்வதால் வருபவை என்பதால், பார்வைக்குத் தெளிந்திருக்கும் நீரையும் நம்பிவிட முடியாது.

பாத்திரத்தின் அடியில் சிறு குமிழிகள் தோன்றியதுமே பலர் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அது கொதி அல்ல. நீர் முழுவதும் தளதளவென்று புரண்டபின் ஒரு நிமிடமாவது விட்டால்தான் இக்கிருமிகள் உறுதியாக மடியும். அதே பாத்திரத்தில் மூடியபடியே ஆறவிடுங்கள். சூடு தணியட்டும் என்று பச்சைத் தண்ணீரைக் கலந்தால் (வீடுகளில் நான் அடிக்கடி காண்பது இதைத்தான்) எரித்த கேஸ் வீண். கையை விட்டு மொள்ளாமல், நீண்ட பிடியுள்ள கரண்டியால் எடுங்கள்.

அரிசி கழுவிய நீர்போல் பேதியானால், ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள்.